‘சுத்தமாக்கினாள்’ என்பதிலிருந்து ‘புடைத்தாள்’ வரை

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். வருணனையில் அடைமொழிகள் குவிந்து கிடக்கின்றன, அவற்றை எடுத்துவிட்டு வலுவான பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் வாக்கியம் இது: “மிகவும் வயதான, மெலிந்த, அன்பான என் பாட்டி, பழைய, அழகான மூங்கில் தட்டில் இருந்த வெண்மையான அரிசியை மிகவும் வேகமாகவும் கவனமாகவும் நேர்த்தியாகவும் மேலும் கீழும் அசைத்துச் சுத்தமாக்கிக்கொண்டிருந்தாள்.” அடைகளை எடுத்தால் “பாட்டி தட்டில் அரிசியைச் சுத்தமாக்கிக்கொண்டிருந்தாள்” என்று மிஞ்சுகிறது. அதில் உயிரே இல்லை. எப்படி மாற்றுவது?

பதில்:

மிஞ்சியதில் உயிர் இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிட்டதால் என் வேலை பாதி குறைந்தது. அடைகள் இருந்தபோதும் அந்த வாக்கியத்தில் உயிர் இருக்கவில்லை. ‘சுத்தமாக்கு’ என்ற வினையைக் கழிவறைக்கும் சொல்லலாம், மூக்குக்கண்ணாடிக்கும் சொல்லலாம். ‘தட்டு’ என்ற பெயரில் சோறும் போடலாம், கற்பூரமும் ஏற்றலாம். இப்படி எதற்கும் பொருந்துகிற இரண்டு சொற்களை நட்டுவிட்டு, அவை சாயாமல் இருக்கச் சுற்றிலும் முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள்: இருபத்தொரு சொற்களில் வயதான, மெலிந்த, அன்பான, பழைய, அழகான, வெண்மையான என்று ஆறு பெயரடைகள்; வேகமாகவும், கவனமாகவும், நேர்த்தியாகவும் என்று மூன்று வினையடைகள்; இரண்டு ‘மிகவும்’. பதினொன்று. பாதிக்கு மேல் முட்டுக் கட்டைகள்தாம். அவற்றை உருவினால் வாக்கியம் விழத்தான் செய்யும். ஆகவே அடைகளில் கை வைக்காதீர்கள், முதலில் வினையில் கை வையுங்கள்.

அந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. மூங்கில் தட்டு என்று நீங்கள் சொல்வது முறம். அதை மேலும் கீழும் அசைத்துச் சுத்தமாக்குவது புடைத்தல்.

“பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.”

நான்கே சொற்கள். இதில் ஓர் அடைகூட இல்லை, ஆனாலும் படம் விழுகிறது. முறம் என்றதும் பாட்டி எங்கே, எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பது வாசகருக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. ‘புடைத்தாள்’ என்ற வினை உங்களுடைய ‘மேலும் கீழும் அசைத்து’ என்பதை விழுங்கிவிட்டது. ‘வேகமாக’ என்பதிலும் பாதியை விழுங்கிவிட்டது, ஏனென்றால் மெதுவாகப் புடைக்க முடியாது. எற்றுகிற வேகம் இல்லாவிட்டால் உமி பறக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘அரிசியை’ என்பதை ‘அரிசி’ ஆக்கியிருக்கிறேன். இரண்டாம் வேற்றுமை உருபை விட்டுவிட்டால் பொருளும் வினையும் ஒட்டிக்கொண்டு ஒரே தொழிலாகிவிடும். ‘பூவைத் தொடுத்தாள்’ என்பதற்கும் ‘பூத் தொடுத்தாள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: முன்னது ஒரு பூவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறது, பின்னது அவள் என்ன வேலையாக இருந்தாள் என்று சொல்கிறது.

அடைகள் குவிவது தமிழில் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். அதற்குக் காரணம் நம் வாக்கிய அமைப்பு. அடை முன்னால் வரும், பெயர் பின்னால் வரும், வினை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். “மிகவும் வயதான, மெலிந்த, அன்பான” என்று படிக்கும்போது அது யார் என்று வாசகருக்கு இன்னும் தெரியாது. ஆள் வரும்வரை அந்தக் குணங்களைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டி வந்ததும் அவற்றை இறக்கி வைத்தால், அடுத்து ‘பழைய, அழகான’ என்று வேறொரு சுமை. இப்படிச் சுமந்து சுமந்து இருபதாவது சொல்லில்தான் பாட்டி கையை அசைக்கிறாள். அதுவரை உங்கள் கதையில் யாரும் எதுவும் செய்யவில்லை.

இப்போது வினையடைகளுக்கு வருவோம். வேகமாகவும் கவனமாகவும் நேர்த்தியாகவும். இந்த மூன்றையும் ஒரே வினையின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். நிஜத்தில் ஒருவர் ஒரே நொடியில் வேகமாகவும் கவனமாகவும் அரிசி சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அங்கே நடப்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு மூன்று வேலைகள். முதலில் முறத்தை எற்றிப் புடைப்பார்கள். அரிசி எம்பி விழும், உமியும் தூசும் முன் விளிம்பைத் தாண்டிப் பறக்கும். பிறகு முறத்தைச் சற்றுச் சாய்த்து, லேசாக ஆட்டிக் கொழிப்பார்கள்; முழு அரிசி ஒரு பக்கமும் நொய் ஒரு பக்கமுமாக ஒதுங்கும். கடைசியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியை விரலால் தள்ளித் தள்ளிக் கல் பொறுக்குவார்கள். (இந்தச் சொற்களின் எல்லை ஊருக்கு ஊர் சற்று மாறும், தெள்ளுவது, நாவுவது என்றும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் என்ன சொன்னார்களோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.)

வேகம் புடைப்பதில் இருந்தது. நேர்த்தி கொழிப்பதில் இருந்தது. கவனம் பொறுக்குவதில் இருந்தது. மூன்று வேலைகளை ‘சுத்தமாக்கு’ என்ற ஒரே சாக்கில் திணித்துவிட்டதால், உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல மூன்று சீட்டுகளை மேலே ஒட்ட வேண்டியதாகிவிட்டது. வினையடைகள் இரண்டு மூன்று சேர்ந்து நிற்கிற இடங்களில் இதையே நான் அடிக்கடி பார்க்கிறேன்: அங்கே பல வினைகள் ஒரு வினைக்குள் நசுங்கிக் கிடக்கும். சாக்கைப் பிரித்து வேலைகளை வரிசையில் வைத்துவிட்டால் சீட்டுகள் தேவைப்படாது.

‘நேர்த்தியாக’ என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேகம் கண்ணுக்குத் தெரியும். நேர்த்தி என்பது பார்த்த பிறகு நீங்கள் சொல்லும் தீர்ப்பு. ‘அழகான’, ‘அன்பான’, ‘அற்புதமாக’ எல்லாம் இதே சாதி. தீர்ப்பை மட்டும் கொடுத்தால் வாசகர் உங்களை நம்பித்தான் ஆக வேண்டும். எதைப் பார்த்து அந்தத் தீர்ப்புக்கு வந்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். அவள் புடைத்து முடித்து எழுந்தபோது தரையில் ஓர் அரிசிகூடக் கிடக்கவில்லை என்பதா? அல்லது பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்க, கை மட்டும் தன் பாட்டுக்குக் கொழித்துக்கொண்டிருந்ததா? எது உண்மையோ அதை எழுதினால் ‘நேர்த்தி’ என்ற சொல்லை வாசகரே சொல்லிக்கொள்வார்.

இனிப் பெயரடைகள். இவற்றைச் சலிக்க நம் இலக்கணத்திலேயே ஒரு சல்லடை இருக்கிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் “இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல செய்யுளாறே” என்று ஒரு நூற்பா வருகிறது. ஒரு பொருளுக்கு அடை கொடுக்கிறீர்கள் என்றால், அந்த அடை இல்லாத வேறோர் இனம் இருக்க வேண்டும். செந்தாமரை என்றால் வெண்டாமரை என்று ஒன்று இருக்கிறது, ஆகவே ‘செம்மை’க்கு வேலை இருக்கிறது. செஞ்ஞாயிறு என்றால்? கருஞாயிறு என்று எதுவும் கிடையாது. அத்தகைய அடை செய்யுளுக்கு ஆகும், வழக்குக்கு ஆகாது என்பது அந்த நூற்பாவின் கருத்து. செய்யுளில் ஓசைக்கும் அணிக்கும் அது வேண்டியிருக்கிறது. நாம் எழுதுவதோ உரைநடை.

உங்கள் வாக்கியத்தை இதில் போட்டுச் சலித்துப் பாருங்கள். வெண்மையான அரிசி: அந்த வீட்டில் அன்று சிவப்பரிசியும் இருந்ததா? இருந்தால் நிறம் வேலை செய்கிறது, வையுங்கள். இல்லையென்றால் அது செஞ்ஞாயிறு. வயதான பாட்டி: இளம் பாட்டி ஒருத்தி கதையில் வந்தால் தவிர, பாட்டி என்ற சொல்லுக்குள்ளேயே வயது இருக்கிறது. மூங்கில் முறம்: பிளாஸ்டிக் முறமும் தகர முறமும் வந்துவிட்ட காலத்தில் நடக்கும் கதை என்றால் மூங்கிலுக்கு இடம் உண்டு, எழுபது வருடத்துக்கு முந்தைய கதை என்றால் இல்லை. இப்படி ஒரே அடை ஒரு கதையில் தேவையாகவும் இன்னொன்றில் வீணாகவும் இருக்கும். அடைமொழியே கூடாது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சல்லடையில் தங்கும் அடைகளிலும் ‘ஆன’ என்று முடிபவற்றை விட, வினையிலிருந்து பிறக்கும் பெயரெச்சங்கள் வலுவானவை. ‘பழைய முறம்’ என்றால் வெறும் வயது. முறம் பழையது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? புது முறம் வாங்கி வந்தால் இடுக்குகளை அடைக்க வெந்தயத்தையும் ஊறவைத்த காகிதத்தையும் சேர்த்து அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். வருடங்கள் ஓடினால் அந்தப் பூச்சு ஓரங்களில் பெயர்ந்து, உள்ளே மூங்கில் பிளாச்சு தெரியும். ‘வெந்தயப் பூச்சு உதிர்ந்த முறம்’ என்று எழுதினால் உதிர்ந்த என்ற எச்சத்துக்குள் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, காலம் இருக்கிறது, அந்த வீட்டில் யாரோ ஒருமுறை அதைப் பூசிய கையும் இருக்கிறது. ‘பழைய சட்டை’ என்பதை விடக் ‘காலர் நைந்த சட்டை’ நன்றாக இருப்பதும் இதனால்தான்.

‘மெலிந்த’ என்பதும் பெயரெச்சம்தான். ஆனாலும் கதைகளில் வரும் எல்லாப் பாட்டிகளும் மெலிந்தே இருப்பதால் அது மரத்துப்போய்விட்டது. அதை முறத்தோடு சேர்த்து யோசியுங்கள். புடைக்கும்போது கை மேலே போகும், கீழே வரும். மெலிந்த கையில் வளையல் என்ன செய்யும்? முழங்கை வரை ஓடும், திரும்பி மணிக்கட்டுக்கு வரும். அதை எழுதிவிட்டால் மெலிவும் வந்துவிட்டது, வேகமும் வந்துவிட்டது, ஓசையும் கூடவே கிடைத்தது. இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். தலைவி பிரிவில் மெலிந்தாள் என்று சொல்வதற்குப் பதில் அவள் வளை நெகிழ்ந்தது என்று சொன்ன சங்கப் பாடல்களின் உத்திதான். அவர்கள் காதலுக்குப் பயன்படுத்தியதை நான் அரிசிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவும் சேர்ந்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

“குத்திய அரிசியை அள்ளி முறத்தில் போட்டுப் பாட்டி புடைத்தாள். ஒவ்வோர் எற்றலுக்கும் வளையல் முழங்கைக்கு ஓடித் திரும்பியது. உமி பறந்து ஓய்ந்ததும் முறத்தைச் சாய்த்துக் கொழித்தாள். நொய் ஓரமாக ஒதுங்கியது. பிறகு முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.”

‘குத்திய’ என்ற எச்சத்தைத் தவிர அடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ‘ஓரமாக’ இலக்கணப்படி வினையடைதான், ஆனால் அது இடத்தைக் காட்டுகிறது, தீர்ப்புச் சொல்லவில்லை. வெந்தயப் பூச்சை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வளையல் ஓடும்போது வாசகரின் கண் கைமேல் இருக்கிறது. அங்கிருந்து பிடுங்கி முறத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனால் இரண்டும் கெடும். நல்ல விவரம் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டினால், அடைகளின் குவியல் போய் விவரங்களின் குவியல் வந்திருக்கும், அவ்வளவுதான்.

‘குத்திய’ எதற்கு என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னால் எனக்கு ஒரு சூடு இருக்கிறது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு கதையில், நகரத்து அடுக்குமாடி வீட்டில் ஒரு பெண் கடையில் வாங்கிய அரிசியைப் புடைக்கிறாள், உமி காற்றில் பறக்கிறது என்று எழுதினேன். வினை வலுவாக இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா படித்துவிட்டு, “மில் அரிசியில் உமி ஏதடா?” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். மில்லில் தீட்டிய அரிசியில் நொய் இருக்கும், தூசு இருக்கும், எப்போதாவது கல் இருக்கும். உமி பறக்க வேண்டுமென்றால் உரலில் குத்திய அரிசியாக இருக்க வேண்டும். ‘சுத்தமாக்கினாள்’ என்று எழுதியிருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். பொதுச்சொல் எந்தத் தவறையும் காட்டிக்கொடுக்காது. குறிப்பான சொல்லோ, அதற்குரிய உலகம் முழுவதையும் கேட்டு வாங்கிவிடும். உங்கள் பாட்டி புடைத்தது எந்த அரிசி என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். மில் அரிசி என்றால் உமியை எடுத்துவிட்டுக் கொழிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

பெயர்ச்சொல்லும் இதேபோல் கணக்குக் கேட்கும். முறம் என்று நான் எழுதியதைத் தென் மாவட்டத்துக்காரர் ஒருவரோ இலங்கைத் தமிழர் ஒருவரோ எழுதினால் சுளகு என்றுதான் பெரும்பாலும் வரும். அந்த ஒரு சொல் போதும், பாட்டி எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடும். ‘தெற்கத்திக் கிராமத்தைச் சேர்ந்த’ என்ற அடையை மிச்சப்படுத்தலாம். அதே சமயம், கதையைச் சொல்வது விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஆறு வயதுப் பையன், அவன் முறத்தை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்றால்? அப்போது ‘மூங்கில் தட்டு’ என்பதுதான் சரியான சொல். அவன் கண்ணில் அது தட்டுதான். அந்த இடத்தில் ‘முறம்’ என்று போட்டால் பையன் காணாமல் போய் எழுத்தாளர் வந்து நின்றுவிடுவார். அகராதியைப் புரட்டி வலுவான சொல் தேடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். யார் பார்க்கிறார்களோ அவர்களுடைய வாயில் வரக்கூடிய சொல்தான் வலுவான சொல்.

திருத்துகிறேன் என்று இறங்கும்போது நடக்கும் இன்னொரு தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது திருத்தம் போலவே தோன்றும். ‘வேகமாக’ என்பதை ‘வேகத்துடன்’ என்று மாற்றுவார்கள். ‘அன்பான பாட்டி’யை ‘அன்பின் உருவமாகிய பாட்டி’ ஆக்குவார்கள். பெயர்ச்சொல் வந்துவிட்டது என்று மனம் திருப்திப்பட்டுக்கொள்ளும். வந்தது பெயர்ச்சொல் வேடம் போட்ட அதே அடைதான். ‘மின்னல் வேகத்தில்’ என்பது அதைவிட மோசம். அரிசி புடைக்கும் பாட்டிக்கும் மின்னலுக்கும் எந்த ஒட்டும் இல்லை. இன்னொரு வகை, செய்தித்தாளிலிருந்து நமக்குத் தொற்றிக்கொண்ட ‘காணப்பட்டது’, ‘ஏற்பட்டது’, ‘நிலவியது’. “வீடு மிகவும் அமைதியாகக் காணப்பட்டது” என்ற வாக்கியத்தில் யாரும் எதையும் காணவில்லை. “சமையலறைக் குழாய் சொட்டுவது கூடத்துக்குக் கேட்டது” என்றால் அமைதி தானாக வரும். வினை இப்படிச் செத்த வினையாக இருக்கும்வரை, அதன் முன்னால் எத்தனை ‘ஆக’ போட்டாலும் அது எழுந்து நடக்காது.

வினையடையை விழுங்கத் தமிழில் ஒரு தனி வசதி இருக்கிறது, அதை நம்மில் பலர் பேச்சில் நாள் முழுக்கப் பயன்படுத்திவிட்டு எழுத உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். துணைவினைகளைச் சொல்கிறேன். ‘மிக அதிகமாக எழுதினான்’ என்பது ‘எழுதித் தள்ளினான்’. ‘எரிச்சலோடு, வேண்டா வெறுப்பாகச் சொன்னான்’ என்பது ‘சொல்லித் தொலைத்தான்’. ‘அலட்சியமாகக் கிழித்தாள்’ என்பதைக் ‘கிழித்துப் போட்டாள்’ என்றால் காகிதம் கீழே விழுவதும் தெரிகிறது. பாட்டியின் கதையிலும் இது உதவும். நீங்கள் எழுதிய ‘கொண்டிருந்தாள்’ வேலையை நீட்டி வைக்கிறது. பாட்டியைப் பார்த்தபடி யாரோ பேசப்போகிறார்கள் என்றால் அது சரி. ‘புடைத்து வைத்தாள்’ என்றால் பிறகு வேறு யாருக்கோ பயன்படப்போகிறது. ‘புடைத்துக் கொடுத்தாள்’ என்றால் அது அடுத்தவர் வீட்டு அரிசி. ஒரு துணைவினைக்குள் ஓர் உறவே ஒளிந்திருக்கிறது.

‘மிகவும்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் எல்லா ‘மிகவும்’களையும் எடுத்துவிட்டுப் படியுங்கள், பத்தில் ஒன்பது திரும்பி வராது. ‘மிகவும் சோர்ந்தாள்’ என்பதில் ‘மிகவும்’ தேவைப்படுகிறது என்றால் ‘துவண்டாள்’ என்று எழுத வேண்டிய இடம் அது என்று பொருள்.

கிராமமும் முறமும் இல்லாத இடத்தில் இது எப்படி நடக்கும் என்ற சந்தேகம் வரலாம். நகரப் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். “பஸ்ஸில் மிகவும் அதிகமான கூட்டம் இருந்தது; மக்கள் மிகவும் நெருக்கமாகவும் சிரமமாகவும் நின்றுகொண்டிருந்தார்கள்” என்று ஒருவர் எழுதுகிறார். ‘கூட்டம்’ என்பதற்குப் பதிலாக ‘நெரிசல்’ என்று போட்டால் ஒரு படி ஏறுவீர்கள். அங்கேயே நின்றுவிட வேண்டாம். நெரிசலில் மட்டுமே நடக்கக்கூடிய செயல் எது என்று தேடுங்கள். “பத்து ரூபாய் நோட்டு ஏழு கை மாறிக் கண்டக்டரிடம் போனது. டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பி வந்தன.” கூட்டம் என்ற சொல்லே இல்லை. வினைகள்கூட மிகச் சாதாரணமானவை: போனது, வந்தன. இதைக் குறிப்பாகக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வலுவான வினை என்றால் சத்தமான வினை என்று சிலர் எடுத்துக்கொண்டு, எல்லாக் கதவுகளையும் அறைந்து சாத்த வைக்கிறார்கள்; பாத்திரங்கள் ‘சொன்னான்’ என்பதை விட்டுவிட்டு முழங்குகிறார்கள், சீறுகிறார்கள், கர்ஜிக்கிறார்கள். உரையாடலுக்குப் பின்னால் ‘என்றான்’ போதும். பேச்சுக்குள்ளேயே சீற்றம் இல்லையென்றால் ‘சீறினான்’ அதைக் கொண்டுவராது. வினையின் வலு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதில் இருக்கிறது, பருமனில் இல்லை.

கைப்பிரதியைக் கணினியில் வைத்திருந்தால் அடைகளைத் தேடிப் பிடிக்க ஒரு சின்ன வழி. ‘ஆன’ என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது முந்தைய எழுத்தோடு சேர்ந்து ‘மான’, ‘யான’, ‘தான’, ‘பான’ என்றெல்லாம் மாறியிருக்கும். ‘மான’ என்று மட்டும் தேடினால் ‘பெருமான்’, ‘அவமானம்’ எல்லாம் சேர்ந்து வரும். அதனால் கடைசியில் ஓர் இடைவெளியோ காற்புள்ளியோ சேர்த்துத் தேடுங்கள். ‘ஆக’வுக்கு ‘மாக’, ‘யாக’ என்று தேடுங்கள்; அவற்றோடு இடைவெளி சேர்க்கக் கூடாது, அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கினால் ‘மாகக்’, ‘மாகச்’ என்று ஒற்று ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ‘வேகமாகவும்’ போன்றவையும் அப்போதுதான் அகப்படும். சில பொய்யான பிடிப்புகள் வரத்தான் செய்யும், கண்ணால் தள்ளிவிடலாம். ஒரே பத்தியில் நான்கைந்து பிடிபட்டால் அங்கே வினை பலவீனமாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். முதல் பிரதி எழுதும்போது இந்தத் தேடலைச் செய்யாதீர்கள், எழுதவே ஓடாது. முதல் பிரதியில் ‘வேகமாகவும் கவனமாகவும்’ இருக்கட்டும். பிறகு வந்து பார்க்க உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட குறிப்பு அது.

கடைசியாக அளவு. நான் மேலே எழுதிக் காட்டிய ஐந்து வாக்கியங்களும் பாட்டிதான் அந்தக் காட்சியின் மையம் என்றால் பொருந்தும். தபால்காரர் கடிதம் கொண்டுவரும் காட்சியில் பாட்டி பின்னணியில் இருக்கிறாள் என்றால் “பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்” என்ற நான்கு சொற்களோடு நிறுத்திக்கொண்டு கடிதத்துக்குப் போய்விடுங்கள்.

உங்கள் பதினொன்றில் ‘அன்பான’ மட்டும் இன்னும் என் கையில் மிஞ்சியிருக்கிறது. அதை அரிசிக்குள் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஒதுங்கிய அந்த நொய்யைப் பாட்டி என்ன செய்தாள்? கோழிக்கு வீசினாளா, முந்தானையில் முடிந்து வைத்து இரவு உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினாளா? அப்படி ஏதாவது நடந்திருந்தால் ஆறாவது வாக்கியமாக அதை எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.